கேபிள் செருகியாயிற்று, விளக்கு எரியவில்லை

லேன் கேபிளைக் கணினியில் செருகியதும் ‘கிளிக்’ என்று சத்தம் கேட்கும். அடுத்த சில நொடிகளில் அந்தப் போர்ட்டின் ஓரத்தில் பச்சையாகவோ ஆரஞ்சாகவோ ஒரு சின்ன விளக்கு எரிய வேண்டும். எரியாமல் போனாலும் பலர் அதைக் கவனிப்பதில்லை. பிரவுசரை மூடித் திறப்பார்கள். கணினியை ரீஸ்டார்ட் செய்வார்கள். பாஸ்வேர்டு மாறிவிட்டதோ என்று யோசிப்பார்கள். கடைசியில் இணைய நிறுவனத்துக்குப் போன் போட்டு, காத்திருக்கச் சொல்லும் இசையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். விளக்கை முதலில் பார்த்திருந்தால் இதில் எதுவுமே தேவைப்பட்டிருக்காது.

அந்த விளக்குக்கும் இணையத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. இணையக் கட்டணம் கட்டாமல் விட்டிருந்தாலும் அது எரியும். கணினிக்கு ஐ.பி. முகவரி கிடைக்காவிட்டாலும் எரியும். ஒரு கேபிளின் இரு முனைகளிலும் இருக்கும் இரண்டு கருவிகள் ஒன்றின் மின்துடிப்பை மற்றொன்று கேட்டு, எந்த வேகத்தில் பேசுவது என்று ஒத்துக்கொண்டுவிட்டன என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஆகவே விளக்கு இருண்டு கிடந்தால் கோளாறு இருக்கும் இடம் மிகவும் சுருங்கிவிடுகிறது. இந்தக் கணினியின் போர்ட், எதிர்முனையின் போர்ட், இடையில் ஓடும் எட்டுக் கம்பிகள், இவற்றைத் தவிர வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

முறுக்கிய கம்பி ஜோடிகளில் ஓடும் ஈதர்நெட்டுக்கு 1990-இல் தரம் வகுத்தபோதே இந்த ஏற்பாடும் வந்துவிட்டது. தரவு எதுவும் போகாத நேரத்திலும் ஒவ்வொரு முனையும் ஏறத்தாழ 16 மில்லிநொடிக்கு ஒருமுறை ஒரு சின்ன மின்துடிப்பை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அந்தத் தரம் விதித்தது. அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் இருவர் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று ‘இருக்கீங்களா?’ என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பது மாதிரி. குரல் வந்தால் விளக்கு எரியும், வராவிட்டால் எரியாது. வினாடிக்கு 100 மெகாபிட் வேகம் 1995-இலும், 1000 மெகாபிட், அதாவது ஒரு கிகாபிட் வேகம் 1999-இலும் தரமாயின. அவற்றோடு அந்த ஒற்றைத் துடிப்பும் துடிப்புக் கொத்தாக வளர்ந்தது. தனக்கு எந்தெந்த வேகம் தெரியும் என்பதை ஒவ்வொரு முனையும் அந்தக் கொத்தில் குறியீடாக வைத்து அனுப்புகிறது. இருவருக்கும் பொதுவான வேகங்களில் மிக உயர்ந்ததைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். இதற்குத் தானியங்கிப் பேச்சுவார்த்தை என்று பெயர். ‘ஆட்டோ நெகோஷியேஷன்’ என்றுதான் டெக்னீஷியன்கள் சொல்வார்கள்.

இந்தப் பேச்சுவார்த்தை எந்தக் கம்பிகளில் நடக்கிறது என்பது முக்கியமான சங்கதி. பல மணி நேரத் தேடலை வீணாக்கும் ஒரு பொறி அங்கேதான் ஒளிந்திருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

எந்தச் சோதனைக்கும் முன்னால், விளக்கின் பேச்சை நம்பலாமா என்று பார்த்துவிட வேண்டும். சில லேப்டாப்களிலும் யு.எஸ்.பி. வழி லேன் கருவிகளிலும் விளக்கே இருக்காது. சில ரௌட்டர்களில் இரவில் கண்ணை உறுத்தாமலிருக்க எல்லா விளக்குகளையும் அணைத்துவைக்கும் வசதி உண்டு. விளக்கு மட்டும் பழுதாகி, இணைப்பு நன்றாகவே இருப்பதும் நடக்கக்கூடியதுதான். விண்டோஸ் கணினியில் பவர்ஷெல்லைத் திறந்து இந்த ஒரு வரியைத் தட்டினால் போதும்:

```
Get-NetAdapter
```

வரும் பட்டியலில் அந்தக் கார்டுக்கு நேராக `Up` என்று இருந்தால் இணைப்பு இருக்கிறது, விளக்குதான் பொய் சொல்கிறது. `Disconnected` என்றால் கார்டு விழித்திருக்கிறது, ஆனால் கம்பியில் குரல் எதுவும் கேட்கவில்லை. `Disabled` என்றால் கார்டையே யாரோ அணைத்துவைத்திருக்கிறார்கள். கேபிளைத் தொடவே வேண்டாம், நெட்வொர்க் அமைப்புகளுக்குப் போய் அதை இயக்கினால் போதும். லினக்ஸ் கணினியில் `ip link` என்று கேட்டால் இதே செய்தி `NO-CARRIER` என்ற சொல்லாக வரும். அந்தக் கார்டு இயக்கப்பட்டிருந்தால்தான் அந்தச் சொல் தெரியும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கார்டு விழித்திருக்கிறது, கம்பியில் குரல் இல்லை என்று உறுதியான பிறகுதான் உண்மையான தேடல் தொடங்குகிறது. அது எப்படிப் போகும் என்பதை, பழைய கட்டடங்களில் அடிக்கடி தலைகாட்டும் ஒரு சிக்கலைக் கொண்டு பார்க்கலாம்.

ஒரு சிறிய ஆடிட்டர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். ஏழெட்டு மேசைகள். பல வருடங்களுக்கு முன் சுவருக்குள் குழாய் போட்டு இழுத்த கேபிள்கள். ஒரு மூலையில் சின்ன ராக், அதில் 100 மெகாபிட் ஸ்விட்ச். ஒருநாள் அந்த ஸ்விட்ச் உயிரை விட, புதிதாகக் கிகாபிட் ஸ்விட்ச் வாங்கி மாட்டுகிறார்கள். எல்லா மேசைகளிலும் விளக்கு எரிகிறது. உள்ளறையில் இருக்கும் ஒரு கணினியில் மட்டும் எரியவில்லை. நேற்றுவரை அதே கேபிளில் ஓடிய கணினி அது.

“சார், புது ஸ்விட்ச்லதான் ஏதோ கோளாறு. மாத்திக் குடுக்கச் சொல்லுங்க” என்கிறார் அலுவலக உதவியாளர். எல்லாரும் முதலில் அப்படித்தான் நினைப்பார்கள். மாறியது ஸ்விட்ச் மட்டும்தானே?

வந்திருக்கும் டெக்னீஷியன் முதலில் செய்வது, கேபிளை இரு முனையிலும் கழற்றி, ‘கிளிக்’ என்று கேட்கும்வரை மறுபடி அழுத்திச் செருகுவதுதான். இதை லேசாக எண்ணிவிடக் கூடாது. கேபிள் நுனியிலுள்ள ஆர்.ஜே. 45 பிளக்கில் ஒரு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். மேசையை இழுத்துப் போடும்போதும் வயரைப் பிடித்து இழுக்கும்போதும் அது உடைந்துபோகும். நாக்கு உடைந்த பிளக் போர்ட்டுக்குள் இருப்பது போலவே தெரியும், ஆனால் ஒரு மில்லிமீட்டர் பின்வாங்கி நிற்கும், பின்கள் தொடாது. இங்கே பிளக்கின் நாக்கு நன்றாகவே இருக்கிறது. விளக்கு எரியவில்லை.

அடுத்து ஸ்விட்ச். உள்ளறைக் கேபிளை, விளக்கு எரிந்துகொண்டிருக்கும் வேறொரு போர்ட்டுக்கு மாற்றிச் செருகுகிறார். அப்போதும் எரியவில்லை. முதலில் இருந்த போர்ட்டில் வேறு மேசையின் கேபிளைச் செருகினால் உடனே எரிகிறது. இரண்டு நிமிடத்தில் ஸ்விட்ச் குற்றமற்றது என்று தெரிந்துவிட்டது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளை மட்டும், நன்றாக ஓடுவது உறுதியான இன்னொன்றுக்கு மாற்றுவதுதான் இந்த வேலையின் முழு ரகசியமும். பதற்றத்தில் கேபிளையும் போர்ட்டையும் சேர்த்து மாற்றிவிட்டால் விளக்கு எரிந்தாலும் எது குற்றவாளி என்று தெரியாது; சில நாளில் அதே கோளாறு திரும்பி வரும்.

இனி கணினி. அதைத் தூக்கிக்கொண்டு ராக்குக்கு அருகில் வந்து, ஒரு மீட்டர் நீளப் புதுக் கேபிளால் நேராக ஸ்விட்ச்சில் இணைக்கிறார். விளக்கு எரிகிறது. கணினியின் கார்டும் குற்றமற்றது. அப்படியானால் சுவருக்குள் போகும் கேபிள்தான் என்று முடிவுக்கு வரலாம். அதை உறுதிப்படுத்த, தன் பையிலிருந்த பழைய லேப்டாப்பை உள்ளறைச் சுவர்ப் பெட்டியில் செருகிப் பார்க்கிறார். அதில் விளக்கு எரிகிறது! இணையமும் வருகிறது.

பலர் தடுமாறி நிற்பது இந்த இடத்தில்தான். ஸ்விட்ச் நல்லது, கணினி நல்லது, கேபிளும் நல்லது. மூன்றையும் சேர்த்தால் மட்டும் விளக்கு எரிவதில்லை. ‘லேப்டாப்பில் வருகிறதே, கணினியின் கார்டுதான் போயிருக்கும்’ என்று முடிவுகட்டிப் புதுக் கார்டு வாங்கி மாட்டுபவர்கள் உண்டு. அதிலும் விளக்கு எரியாது.

முடிச்சு அந்த லேப்டாப்பின் வயதில் இருக்கிறது. அதன் லேன் கார்டு 100 மெகாபிட் மட்டுமே தெரிந்த பழைய ரகம். லேன் கேபிளுக்குள் இருப்பவை நான்கு ஜோடிக் கம்பிகள். 10, 100 மெகாபிட் வேகங்களுக்கு அவற்றில் இரண்டு ஜோடிகள் போதும். பிளக்கின் 1, 2 ஆகிய பின்களுக்குப் போகும் ஜோடி ஒன்று, 3, 6 ஆகிய பின்களுக்குப் போகும் ஜோடி மற்றொன்று. நடுவிலுள்ள 4, 5-உம், ஓரத்திலுள்ள 7, 8-உம் சும்மா கிடக்கும். கிகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடிகளும் கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு ஜோடியும் 250 மெகாபிட் சுமக்கிறது. ஆனால் ‘எந்த வேகத்தில் பேசலாம்?’ என்ற பேச்சுவார்த்தை மட்டும் பழைய கருவிகளுக்கும் புரிய வேண்டும் என்பதற்காக, அந்தப் பழைய இரண்டு ஜோடிகளில்தான் நடக்கிறது.

முன்னால் சொன்ன பொறி இதுதான். நான்கு ஜோடிகளில் ஒன்று அறுந்திருக்கிறது, அதுவும் 4, 5-க்கான ஜோடி என்று கொள்வோம். கிகாபிட் தெரிந்த இரண்டு கருவிகள் நல்ல ஜோடிகளில் பேசி, கிகாபிட்டிலேயே ஓடலாம் என்று ஒத்துக்கொள்கின்றன. பிறகு நான்கு ஜோடிகளையும் திறந்து இணைப்பைக் கட்டப் பார்க்கும்போது ஒன்றில் பதிலே இல்லை. இணைப்பு விழுகிறது. மறுபடி பேச்சுவார்த்தை, மறுபடி ஒப்பந்தம், மறுபடி தோல்வி. வெளியே பார்ப்பவருக்கு விளக்கு முழுக்க இருண்டிருக்கும், அல்லது சில நொடிக்கு ஒருமுறை மினுங்கி அணையும். சில கார்டுகளும் ஸ்விட்ச்சுகளும் சிலமுறை தோற்றபின் தாமாகவே 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். அங்கே விளக்கு எரிந்துவிடும், வேகம் மட்டும் பத்தில் ஒன்றாகிவிடும். அப்படி இறங்கத் தெரியாத கருவிகளில் இருட்டுதான். ஒரே மாதிரி அறுந்த கேபிள் ஒரு மேசையில் மெதுவாக ஓடுவதற்கும் இன்னொரு மேசையில் ஓடவே ஓடாததற்கும் காரணம் இதுவே.

டெக்னீஷியன் இப்போது கேபிள் டெஸ்டரை எடுக்கிறார். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் எளிய கருவி அது. இரண்டு துண்டுகளாகப் பிரியும். ஒன்றைச் சுவர்ப் பெட்டியிலும் மற்றொன்றை ராக் பக்கமும் செருக வேண்டும். செருகும் முன் கேபிளின் இரு முனைகளையும் கருவிகளிலிருந்து கழற்றியாக வேண்டும். கேமராக்களுக்கும் வைஃபை பெட்டிகளுக்கும் கேபிள் வழியாகவே மின்சாரம் தரும் ஸ்விட்ச்சுகளும் உண்டு, அந்த மின்சாரம் டெஸ்டரைப் பாழாக்கிவிடலாம். இயக்கியதும் இரு துண்டுகளிலும் 1 முதல் 8 வரை விளக்குகள் வரிசையாக எரிய வேண்டும். ஒரு எண் எரியாமல் தாண்டினால் அந்தக் கம்பி அறுந்திருக்கிறது. வரிசை மாறி எரிந்தால் கம்பிகள் இடம்மாறிக் கிரிம்ப் செய்யப்பட்டிருக்கின்றன. இரண்டு எண்கள் சேர்ந்து எரிந்தால் அந்த இரு கம்பிகளும் எங்கோ ஒன்றையொன்று தொடுகின்றன.

உள்ளறைக் கேபிளில் 1, 2, 3 எரிகின்றன. 4, 5 எரியவில்லை. 6, 7, 8 எரிகின்றன.

சுவர்ப் பெட்டியின் மூடியைத் திருகாணி கழற்றித் திறந்தால் விடை உள்ளேயே இருக்கிறது. நீலக் கம்பியும் வெள்ளை-நீலக் கம்பியும் லேன் பின்களில் இல்லை. அவற்றைத் தனியாகப் பிரித்து, பக்கத்திலுள்ள டெலிபோன் சாக்கெட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அறையில் இருக்கும் இன்டர்காம் அந்த ஜோடியில்தான் ஓடுகிறது. ராக் பக்கத்திலும் அதே நீல ஜோடி பிரிந்து இன்டர்காம் பெட்டிக்குப் போகிறது. 100 மெகாபிட் காலத்தில் இரண்டு ஜோடிகள் சும்மாதானே கிடக்கின்றன என்று ஒரே கேபிளில் லேனையும் போனையும் ஓட்டுவது வழக்கமாக இருந்தது. இரண்டு ஜோடியில் ஒரு கணினி, மீதி இரண்டு ஜோடியில் இன்னொரு கணினி என்று பிரித்தவர்களும் உண்டு. அந்நாளில் அது சிக்கனமான, நன்றாக ஓடிய வேலை. செய்தவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. கிகாபிட் வந்ததும்தான் அது குறையாயிற்று.

சுவரைத் திறக்காமலே, டெஸ்டரும் இல்லாமலே இதே முடிவுக்கு வர இன்னொரு வழி உண்டு. கணினியைப் பேச்சுவார்த்தையில் ‘எனக்கு 100 மெகாபிட் மட்டும்தான் தெரியும்’ என்று சொல்லவைத்தால் போதும். கிகாபிட் ஒப்பந்தத்துக்கே இடம் இருக்காது. இரண்டு நல்ல ஜோடிகளில் இணைப்பு எழுந்துவிடும். லினக்ஸில் கார்டின் பெயர் `enp3s0` என்றால் கட்டளை இது:

```
sudo ethtool -s enp3s0 advertise 0x008
```

அதில் `0x008` என்பது ‘100 மெகாபிட், இருவழியும் ஒரே நேரத்தில்’ என்பதன் குறியீடு. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, கார்டின் பண்புகளில் `Advanced` பகுதிக்குப் போனால் `Speed & Duplex` என்று ஓர் அமைப்பு இருக்கும். அதை `100 Mbps Full Duplex` என்று மாற்றலாம். இப்படி மாற்றியதும் இருண்ட விளக்கு எரிந்தால், 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் நன்றாக இருக்கின்றன. மற்ற நான்கில் ஒன்றிலாவது கோளாறு இருக்கிறது என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். அப்படியும் எரியாவிட்டால் அந்த முக்கியமான நான்கு கம்பிகளில் ஏதோ ஒன்று போயிருக்கிறது, அல்லது போர்ட்டில் கோளாறு.

சோதனைக்கு இது அருமையான வழி. நிரந்தரத் தீர்வாக விட்டுவைப்பதில்தான் ஆபத்து. ஒரு முனையில் வேகத்தைக் கையால் நிறுத்திவைத்து மறுமுனையைத் தானியங்கியாக விட்டால், மறுமுனையால் வேகத்தைக் கண்டுபிடிக்க முடியும். இருவழியும் ஒரே நேரத்தில் பேசலாமா என்று கண்டுபிடிக்க முடியாது. தெரியாதபோது ‘ஒருவர் பேசும்போது மற்றவர் பேசக்கூடாது’ என்ற பழைய முறையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது தரத்தின் விதி. ஒரு முனை நினைத்தபோதெல்லாம் பேச, மறுமுனை அதை மோதல் என்று எடுத்துக்கொண்டு பின்வாங்கும். விளக்கு நன்றாக எரியும். ஃபைல் நகலெடுப்பது மட்டும் ஆமையாக ஊரும். ஆகவே சோதனை முடிந்ததும் அமைப்பைப் பழையபடி தானியங்கிக்குத் திருப்பிவிட வேண்டும்.

அலுவலகத்துக்குத் தீர்வு என்ன? இன்டர்காமுக்குத் தனியாக ஒரு டெலிபோன் வயர் இழுத்துவிட்டு, நீல ஜோடியை இரு முனையிலும் லேன் பின்களுக்கே திருப்பித் தர வேண்டும். குழாயில் இன்னொரு வயர் போக இடமில்லாவிட்டால், உள்ளறைக்கு 100 மெகாபிட் போதும் என்று ஏற்றுக்கொண்டு, அந்த ஒரு மேசைக்கு மட்டும் பழைய வகைச் சின்ன ஸ்விட்ச் ஒன்றை இடையில் வைக்கலாம். அதற்கு 100-க்கு மேல் தெரியாது என்பதால் பேச்சுவார்த்தை தானாகவே சரியாக முடியும். கணக்கு மென்பொருளும் மின்னஞ்சலும் ஓடும் மேசைக்கு அந்த வேகம் தாராளம்.

கேபிளில் கோளாறு வரும் விதங்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று கேபிள் டெஸ்டரையே ஏமாற்றக்கூடியது. கிரிம்ப் செய்பவர் நான்கு ஜோடிகளையும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கி, இரு முனையிலும் ஒரே மாதிரி அமுக்கிவிடுவார். டெஸ்டரில் 1 முதல் 8 வரை அழகாக எரியும். ஆனால் சரியான வரிசையில் 3-உம் 6-உம் ஒரே ஜோடியாக, ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு போக வேண்டும்; இவர் அடுக்கியதில் 3-ஆம் கம்பி ஒரு ஜோடியிலும் 6-ஆம் கம்பி வேறு ஜோடியிலும் போகின்றன. முறுக்கு இருப்பதே பக்கத்துக் கம்பிகளின் இரைச்சலை அழிப்பதற்குத்தான். ஜோடி பிரிந்ததும் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. கேபிள் குட்டையாக இருந்தால் தப்பிக்கலாம்; நீளம் கூடக்கூட இணைப்பு தள்ளாடும், ஒரு கட்டத்தில் எழுவதே நின்றுபோகும். எளிய டெஸ்டர் பார்ப்பது கம்பி தொடர்கிறதா என்பதை மட்டும். எது எதோடு முறுக்கியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. எனவே பிளக்கைக் கண்ணால் பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. கொக்கி கீழ்ப்பக்கமும் உலோக நுனிகள் மேலேயும் இருக்கும்படி பிடித்து இடமிருந்து பார்த்தால், பரவலாகப் பயன்படும் வரிசை இப்படி இருக்க வேண்டும்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடியின் நடுவே நீல ஜோடி உட்கார்ந்திருப்பதுதான் சரியான கேபிளின் அடையாளம்.

இன்னொன்று, கம்பியின் உலோகமே. விலை மலிவான கேபிள்களில் செம்புக்குப் பதில், அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பி இருக்கும். முறைப்படியான கேட் 5இ, கேட் 6 தரங்கள் அதை ஏற்பதில்லை. சுவர்ப் பெட்டிக்குள் இரண்டு மூன்று முறை வளைத்தாலே அது ஒடிந்துவிடும். கம்பியின் தோலை உரித்து பிளேடால் லேசாகச் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். முழுச் செம்பு என்றால் உள்ளேயும் செம்பு நிறமே இருக்கும். கேபிளை வாங்கும் முன் கடையில் கிடக்கும் துண்டில் இதைச் செய்து பார்ப்பது நல்லது.

கேபிளைவிடப் போர்ட் கெடுவது குறைவு. கெடும்போது பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றில் கெடுகிறது. முதலாவது, டார்ச் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியும். போர்ட்டுக்குள் எட்டு மெல்லிய தங்க நிறக் கம்பிகள் ஒரே சரிவில், ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். டெலிபோன் வயரின் பிளக் குறுகலானது. லேன் போர்ட்டுக்குள் தாராளமாக நுழைந்துவிடும். அப்படி நுழையும்போது அதன் பிளாஸ்டிக் ஓரங்கள் 1, 8 ஆகிய கடைசிக் கம்பிகளை அமுக்கி வளைத்துவிடலாம். பிறகு லேன் பிளக்கைச் செருகினால் அந்த வளைந்த கம்பி தொடாது. 1-ஆம் கம்பி எந்த வேகத்துக்கும் அவசியம் என்பதால் விளக்கு எரியவே எரியாது. வீட்டில் குழந்தைகள் பழைய டெலிபோன் வயரை ரௌட்டரில் செருகி விளையாடியிருந்தால் அங்கேயும் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, மின்னல். போர்ட்டின் உள்ளே, கேபிளுக்கும் மின்னணுச் சில்லுக்கும் நடுவில் சின்னஞ்சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கின்றன. 1500 வோல்ட் வரை தாங்கி, கேபிளில் வரும் மின்சாரம் சில்லுக்குள் போகாமல் தடுப்பது அவற்றின் வேலை. அருகில் இடி விழும்போது, மொட்டைமாடி வழியாகவோ பக்கத்துக் கட்டடத்துக்கோ இழுத்த நீண்ட கேபிளில் அதைவிடப் பலமடங்கு மின்னழுத்தம் தூண்டப்படலாம். அந்த அடியில் கணினியோ ஸ்விட்ச்சோ முழுக்கப் போவதில்லை. மற்ற போர்ட்டுகள் எல்லாம் வேலை செய்யும். அந்த நீண்ட கேபிள் மாட்டியிருந்த போர்ட் மட்டும் செத்துக் கிடக்கும். மழைக்கு மறுநாள் காலையில் ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். அந்தக் கேபிளின் மறுமுனைப் போர்ட்டையும் சேர்த்துச் சோதிப்பது அவசியம். அடி இரண்டு பக்கமும் பாய்ந்திருக்கக்கூடும்.

ஸ்விட்ச் போர்ட்டைச் சந்தேகித்தால் கணினியே இல்லாமல் சோதிக்கலாம். ஸ்விட்ச்சிலிருந்து எல்லாக் கேபிள்களையும் கழற்றிவிட்டு, ஒரு குட்டைக் கேபிளின் இரு முனைகளையும் அந்த ஸ்விட்ச்சின் இரண்டு போர்ட்டுகளிலேயே செருக வேண்டும். இரண்டு விளக்குகளும் எரிந்தால் இரண்டு போர்ட்டுகளும் அந்தக் கேபிளும் நல்லவை. ஒரு முனையை மட்டும் நகர்த்திக்கொண்டே போனால் எல்லாப் போர்ட்டுகளையும் சில நிமிடத்தில் பார்த்துவிடலாம். மற்ற கேபிள்கள் மாட்டியிருக்கும்போது இதைச் செய்யக் கூடாது. அந்தக் குட்டைக் கேபிள் ஒரு வளையமாகி, தரவு அதிலேயே முடிவில்லாமல் சுற்றி அலுவலகத்தின் மொத்த நெட்வொர்க்கையும் முடக்கிவிடும்.

மிஞ்சியிருப்பது கணினியின் நெட்வொர்க் கார்டு. இப்போது பெரும்பாலும் அது மதர்போர்டிலேயே பதிந்த ஒரு சில்லு. இங்கே பிரித்துப் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: கோளாறு சில்லில் இருக்கிறதா, அதை இயக்கும் மென்பொருளில் இருக்கிறதா?

அதற்குப் பைசா செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. பல மேசைக் கணினிகளில், விண்டோஸை ஷட் டவுன் செய்த பிறகும் பின்புறம் பவர் வயர் மாட்டியிருக்கும்வரை லேன் சில்லுக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். தூரத்திலிருந்து கணினியை எழுப்பும் வசதிக்காக வைத்த ஏற்பாடு அது. எனவே நல்ல கேபிளை மாட்டிவிட்டுக் கணினியை ஆன் செய்யும்போது விளக்கைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். அணைந்திருக்கும்போதோ, உற்பத்தியாளரின் சின்னம் திரையில் தெரியும்போதோ விளக்கு எரிந்து, விண்டோஸ் வந்ததும் அணைந்துபோனால் சில்லு உயிரோடு இருக்கிறது. குற்றம் டிரைவரிலோ மின்சேமிப்பு அமைப்பிலோ இருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் கார்டை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்வது, மின்சேமிப்புத் தேர்வுகளை நிறுத்துவது, டிரைவரைப் புதிதாக ஏற்றுவது ஆகியவை அப்போது பலன் தரும். யு.எஸ்.பி. பென் டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸில் கணினியைத் துவக்கிப் பார்ப்பதும் இதையே சொல்லும். அங்கே விளக்கு எரிந்தால் சில்லில் குறையில்லை.

எந்தக் கட்டத்திலும் எரியாவிட்டால் இன்னும் ஒரு வாய்ப்பு தர வேண்டும். சில சமயம் லேன் சில்லு எங்கோ மாட்டிக்கொண்டு உறைந்துபோகும். ரீஸ்டார்ட் செய்தால் தீராது, ஏனென்றால் அதற்குப் போகும் அந்தக் கொஞ்ச மின்சாரம் நிற்பதே இல்லை. கணினியை அணைத்து, பவர் வயரைச் சுவரிலிருந்தே பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, சில நிமிடம் கழித்து மாட்ட வேண்டும். பயாஸ் அமைப்புகளில் உள்ளமைந்த லேன் அணைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அதே கையோடு பார்த்துவிடலாம். அணைத்திருந்தால் விண்டோஸின் பட்டியலில் அந்தக் கார்டே தெரியாது.

இவ்வளவுக்கும் பிறகு, நல்லதென்று உறுதியான கேபிளிலும் போர்ட்டிலும் விளக்கு எரியவில்லை என்றால் கார்டு போய்விட்டது என்றுதான் கொள்ள வேண்டும். மதர்போர்டிலுள்ள அந்தச் சில்லைப் பழுதுபார்க்க மெனக்கெடுவதில் பொருளில்லை. மேசைக் கணினி என்றால் உள்ளே ஒரு ஸ்லாட்டில் தனி லேன் கார்டு மாட்டலாம். லேப்டாப் என்றால் யு.எஸ்.பி. வழி லேன் கருவி போதும். அந்தக் கருவியைக் கிகாபிட் வேகத்துக்கு வாங்கினால் யு.எஸ்.பி. 3 துளையில் மாட்ட வேண்டும், பழைய யு.எஸ்.பி. 2 துளையின் உச்ச வேகமே 480 மெகாபிட்தான். செத்துப்போன பழைய போர்ட்டின் மேல் ஒரு டேப் ஒட்டிவிட்டால், அடுத்து அந்தக் கணினியை நகர்த்துபவர் கேபிளை அதில் செருகிவிட்டுத் தேடலை மறுபடி முதலிலிருந்து தொடங்க மாட்டார்.